கிழக்குச் சுவருக்கு எது பொருந்தும்? வாடை மழையை வைத்துப் பெயின்ட், டெக்ஸ்சர், கல் பற்றிய விளக்கம்

உப்புவெளியில், கடற்கரையிலிருந்து ஐந்து நிமிட நடைத் தூரத்தில் என் சித்தியின் வீடு இருக்கிறது. இரண்டு மாடி வீடு. முகப்பு கிழக்குப் பார்த்தது. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியபோது அந்தக் கிழக்குச் சுவர் விடிய விடிய மழையில் அடிபட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாரியிலும் மேல்மாடி அறையின் ஜன்னலுக்குக் கீழே, உள்பக்கச் சுவரில் ஓர் ஈரத்திட்டுத் தோன்றும். பங்குனியில் அது காயும். காய்ந்த இடத்தில் வெள்ளையாக உவர் பூத்து, விரலால் தடவினால் மாவாக உதிரும்.

"மகன், இந்த முறை வெளிச்சுவர் முழுக்கக் கல் ஒட்டிவிடலாம் என்று இருக்கிறேன். கல்லுக்குள் மழை போகாதுதானே?" என்று சித்தி கேட்டார். வீடு கட்டும் பலர் என்னிடம் கேட்பதும் இதே கேள்விதான். சிலர் கல் என்பார்கள், சிலர் டெக்ஸ்சர் என்பார்கள், சிலர் விலை கூடிய பெயின்ட் என்பார்கள். சித்தி வீட்டுச் சுவரையே எடுத்துக்கொண்டு மூன்றையும் விளக்குகிறேன். வேலைத்தள மேற்பார்வையாளராகத் திருகோணமலையில் நான் பார்த்த பெரும்பாலான கோளாறுகள் அந்த ஒரு சுவரிலேயே இருந்தன.

முதலில் மழை சுவருக்குள் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். நமது ஊரில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரைக்குள் பெய்துவிடுகிறது. அதுவும் வாடைக்காற்றோடு வருகிறது. ஆகவே வடக்கும் கிழக்கும் பார்த்த சுவர்கள் நனைகிற அளவில் பாதிகூட மேற்குச் சுவர் நனைவதில்லை. மேற்குச் சுவரின் எதிரி பின்னேர வெயிலும் கச்சான் காற்றும்தான். ஒரே வீட்டின் நான்கு சுவர்களுக்கும் ஒரே பூச்சு வேண்டும் என்று தொடங்குவதே பிழையான தொடக்கம்.

நேராக விழும் மழை சுவரை அதிகம் தொடாது. காற்று தள்ளும் மழைதான் உள்ளே புகும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, தண்ணீரை ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் உயரத்துக்கு ஏற்றக்கூடிய அழுத்தத்தைச் சுவரில் கொடுக்கிறது. ஜன்னல் சட்டத்துக்கு அடியில் இருக்கும் சிறு இடைவெளியில் தண்ணீர் ஏன் மேல்நோக்கி ஏறி உள்ளே வழிகிறது என்று வியப்பவர்களுக்கு இதுதான் பதில். அதோடு மயிரிழை வெடிப்புகள் தண்ணீரைத் தாமாகவே உறிஞ்சும். அதற்குக் காற்றுக்கூடத் தேவையில்லை. மூன்றாவது வழி நிலத்திலிருந்து மேலேறும் ஈரம். அத்திவாரத்துக்கு மேல் ஈரந்தடுப்புப் படை போடாத பழைய வீடுகளில் அது சுவரின் அடியிலிருந்து இரண்டு மூன்று அடி வரை ஏறிவரும்.

சுவர் நடுவே, பூச்சின் ஊடாக நுழையும் தண்ணீர் பெரும்பாலும் கொஞ்சம்தான். சுவரின் ஓரங்களிலும் சந்திப்புகளிலும்தான் பெருமளவு நுழைகிறது. சித்தி வீட்டில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். ஜன்னலின் வெளிப்படி வெளியே சரிவதற்குப் பதிலாக உள்ளே சரிந்திருந்தது. ஒரு குவளை தண்ணீர் ஊற்றியதும் அது நேராகச் சட்டத்தின் அடிக்கு ஓடியது. மேலேயுள்ள சன்ஷேட்டின் அடிப்பக்கத்தில், தண்ணீரைச் சொட்ட வைக்கும் பள்ளக்கோடு இல்லை. அதனால் சன்ஷேட்டில் விழுந்த மழை அதன் அடிப்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு பின்னோக்கி ஓடிச் சுவரில் இறங்கியிருக்கிறது. ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பும் ஓடியது. இந்த மூன்றையும் அப்படியே விட்டுவிட்டு மேலே கல் ஒட்டியிருந்தால் தண்ணீர் கல்லுக்குப் பின்னால் இறங்கி, அங்கேயே தங்கி, முன்பைவிட அதிகமாக அறைக்குள் வந்திருக்கும்.

ஆகவே எந்தப் பூச்சுக்கும் முன்னால் இந்த வேலையைத்தான் செய்தோம். ஜன்னல் படியை உடைத்து வெளிச்சரிவாகப் போட்டு, சுவரைத் தாண்டி இரண்டு அங்குலம் நீட்டினோம். படியின் அடியிலும் சன்ஷேட்டின் அடியிலும், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, சுண்டுவிரல் அகலத்தில் பள்ளக்கோடு வெட்டினோம். ஓடிவரும் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். வெடிப்பை வி வடிவில் அகலமாக வெட்டி, தூசி போக்கி, இழுபடக்கூடிய அக்ரிலிக் சீலன்ட்டால் நிரப்பினோம். கொங்கிரீட் தூணும் சீமெந்துக் கல் சுவரும் சந்திக்கும் இடத்தில் நெட்டாக ஓடிய வெடிப்புக்கு, சாந்தைக் கொத்தி எடுத்து, கண்ணாடி இழை வலை வைத்து மீண்டும் பூசினோம். கோழிக்கூட்டுக் கம்பி வலையை இந்த இடத்தில் நான் வைக்கவிடுவதில்லை. உப்புக்காற்றில் அது சில வருடங்களில் துருவேறிப் பருத்து, சாந்தையே தள்ளிவிடும்.

பெயின்ட்: ஒரு தாளின் தடிப்பு

வெளிச்சுவருக்கு விற்கப்படும் பெயின்ட் பெரும்பாலும் தண்ணீரில் கலந்த அக்ரிலிக் வகை. வீட்டுக்குள் அடிக்கும் எமல்ஷனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இதில் பிசின் அதிகம். பாசியையும் பூஞ்சையையும் தடுக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். வெயிலில் மாவாகிப் போவது குறைவு. நல்ல வெளிப்புறப் பெயின்ட் மழைத்துளியை உள்ளே விடாது, ஆனால் சுவருக்குள் இருக்கும் ஈரத்தை ஆவியாக வெளியே போகவிடும். இந்த இரண்டாவது குணம்தான் நமது ஊருக்கு மிக முக்கியம்.

சித்தியின் கிழக்குச் சுவர் 30 அடி நீளம், 20 அடி உயரம். ஜன்னல்களைக் கழித்தால் 520 சதுர அடி, அதாவது 48 சதுர மீற்றர். சுத்தமாக இழைத்த சுவரில் ஒரு லீற்றர் பெயின்ட் பத்துச் சதுர மீற்றருக்கு மேல் போகும் என்று வாளியில் எழுதியிருப்பார்கள். நமது மேசன்மார் ஸ்பொஞ்சால் தேய்த்து முடிக்கும் சொரசொரப்பான சாந்தில் எட்டு என்று கணக்குப் பண்ணுவது பாதுகாப்பு. அப்படியென்றால் பிரைமர் ஒரு கை அடிக்க 6 லீற்றர், பெயின்ட் இரண்டு கை அடிக்க 12 லீற்றர் வேண்டும். இரண்டு கையும் காய்ந்த பிறகு சுவரில் நிற்கும் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர், ஒரு கொப்பித் தாளின் தடிப்பு. பெயின்ட்காரர் தண்ணீரைக் கூடுதலாகக் கலந்து பத்து லீற்றரில் முடித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னால், அந்தத் தாள் இன்னும் மெலிந்துவிட்டது என்றே பொருள். இந்தத் தடிப்பை மனதில் வைத்துக்கொண்டால், ஒரு வெடிப்பை வெறும் பெயின்டால் மூட முடியுமா என்ற கேள்விக்குப் பதில் தானாகக் கிடைக்கும். மயிரிழையை மூடலாம், விரல்நகம் நுழையும் வெடிப்பை மூட முடியாது.

ரப்பர்போல இழுபடும் தடித்த பெயின்டும் கடையில் உண்டு. அது சிறு வெடிப்புகளைத் தாண்டி நிற்கும். மழையை நன்றாகத் தடுக்கும். அதன் தடிப்பு அதிகம் என்பதால் ஒரு லீற்றர் போகும் பரப்பு மிகவும் குறையும், செலவு ஏறும். சுவர் முழுதும் காய்ந்திருந்தால் நான் அதை விரும்புவேன். உள்ளே ஈரம் இருக்கும் சுவரில் அது பலூன்போல ஊதும்.

ஊதுவது என்றால் என்ன என்பதை என் சொந்த வீட்டில் பார்த்தேன். தீபாவளிக்குள் வீடு அழகாக இருக்க வேண்டும் என்ற அவசரத்தில், சாந்து பூசி இரண்டு கிழமையிலேயே பெயின்ட் அடிக்கவிட்டேன். சுவர் கைக்குக் காய்ந்ததாகத்தான் தெரிந்தது. ஜனவரியில் கிழக்குப் பக்கம் முழுக்க நெல்லிக்காய் அளவில் குமிழிகள். ஒன்றை ஊசியால் குத்தினேன். கலங்கிய தண்ணீர் வழிந்தது; இரு விரலுக்கு இடையில் தேய்த்தபோது சவர்க்காரம்போல வழுக்கியது. புதுச் சீமெந்தின் காரம் அது. அந்தக் காரம் பெயின்டின் பிசினையும் சில நிறங்களையும் அரிக்கும். என் சுவரில் நீலம் வெளுத்துத் திட்டுத்திட்டாக நின்றது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து மறு வருடம் புதிதாக அடித்தேன்.

அதனால் புதுச் சாந்துக்கு 28 நாட்கள் என்பதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. முதல் ஏழு நாட்கள் தண்ணீர் அடிக்க வேண்டும், மீதி நாட்கள் காயவிட வேண்டும். காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு மலிவான வழி இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரமாகத் தெளிவான பொலித்தீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் ரேப்பால் சுவரில் ஒட்டுங்கள். மாலையில் ஒட்டி அடுத்த நாள் பாருங்கள். தாளின் உள்பக்கத்தில் பனித்துளிகள் நின்றால், அல்லது அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தால், சுவர் இன்னும் ஈரம் விடுகிறது. சித்தி வீட்டில் ஜன்னலுக்குக் கீழே ஒரு தாளும், ஈரம் படாத தென் மூலையில் ஒரு தாளும் ஒட்டினோம். தென் மூலைத் தாள் காய்ந்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே இருந்ததில் நீர் முத்துமுத்தாக நின்றது. பழுது பார்த்து, பெப்ரவரி முழுதும் காயவிட்டு, மார்ச் கடைசியில் மறுபடி ஒட்டியபோதுதான் அதுவும் காய்ந்தது.

கடற்கரை வீடுகளுக்கு இன்னொரு வேலை கூடுதலாக உண்டு. பெயின்ட் அடிப்பதற்கு முன் சுவரை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் குழாய்த் தண்ணீர் பாவியுங்கள். சுவரில் படிந்த கடல் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் அடிக்கும் பெயின்ட் நன்றாகப் பிடிக்காது. பாசி கறுத்திருக்கும் இடங்களில் வெறும் தேய்ப்புப் போதாது. ஒரு பங்கு துணி வெளுக்கும் ப்ளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, கையுறை போட்டுத் தடவி, கால் மணி நேரம் விட்டு, தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் மீந்த பாசி உயிரோடு இருந்து புதுப் பெயின்டைத் துளைத்து வரும்.

பழைய பெயின்டின் மேல் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவாக ஒட்டினால் அது செத்த பெயின்ட். கழுவிச் சுரண்டி, பிரைமர் போட்ட பிறகே புதுப் பெயின்ட். சுவரை இழைக்கப் புட்டி போடுவதாக இருந்தால், வெளிப்புறத்துக்கு உரிய சீமெந்துப் புட்டியா என்று வாளியைப் பாருங்கள். உள்சுவர்ப் புட்டியை வெளியில் போட்டால், முதல் மாரியில் அது மாவாக இளகி, பெயின்டோடு சேர்த்துத் தகடு தகடாக விழும்.

கிழக்குச் சுவருக்குக் காலை வெயில் நேராகப் படுகிறது. சூடான சுவரில் பெயின்ட் பரவும் முன்பே காய்ந்துவிடும். ஆகவே மத்தியானத்துக்குப் பிறகு, சுவர் நிழலுக்கு வந்ததும் அடிக்கத் தொடங்கினோம். ஏப்ரலில் பின்னேர இடிமழை வருவது உண்டு. மேகம் கறுத்த நாட்களில் வேலையை நிறுத்தினோம்.

டெக்ஸ்சர்

டெக்ஸ்சர் என்பது மணல், சலவைக்கல் துகள் போன்றவற்றை அக்ரிலிக் பிசினில் கலந்த தடித்த பசை. ரோலராலோ கரண்டியாலோ இழுத்து வரி, கோடு, மேடுபள்ளம் உண்டாக்குவார்கள். ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ போகும். சித்தியின் சுவருக்கு நூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தடிப்பாக இருப்பதால் மேசனின் சிறு கோணல்களை மறைக்கும், மயிரிழை வெடிப்புகளையும் ஓரளவு தாங்கும். நமது பழைய வீடுகளில் சீமெந்தையும் மணலையும் விசிறி அடித்துச் சொரசொரப்பாக விட்ட ரஃப்காஸ்ட் பூச்சின் மறுபிறப்பு என்று இதைச் சொல்லலாம். அந்தப் பழைய பூச்சு சீமெந்து என்பதால் ஆவியைத் தாராளமாக வெளியே விட்டது. இது பிசின் என்பதால் அவ்வளவு விடாது.

பலர் நினைப்பதற்கு மாறாக, டெக்ஸ்சர் தானாக மழையைத் தடுப்பதில்லை. பெரும்பாலான வகைகளுக்கு மேலே இரண்டு கை வெளிப்புறப் பெயின்ட் அடித்தால்தான் வேலை முடிகிறது. கூலி கூடுகிறது என்று அந்தக் கடைசிப் படியை விட்ட சுவர்களில், ஒரு குவளை தண்ணீரை வீசினால் சில விநாடிகளில் கறுத்து உறிஞ்சுவதைப் பார்க்கலாம். பெயின்ட் அடித்த சுவரில் தண்ணீர் உருண்டு ஓடும்.

வடிவமும் முக்கியம். நெட்டுக்கோடாக இழுத்த டெக்ஸ்சரில் மழைநீர் வழிந்து இறங்கிவிடும். கிடைக்கோட்டில் ஒவ்வொரு வரியும் ஒரு சிறு தட்டாகி, தூசியையும் உப்பையும் ஈரத்தையும் பிடித்துவைக்கும். இரண்டாவது மாரியில் வடக்குச் சுவரின் கிடைக்கோடுகள் மட்டும் பச்சையாகக் கோடு போட்டதுபோல் இருந்த வீடு ஒன்றை அலஸ்தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். பாசியைத் தேய்த்து எடுக்கவும் பள்ளங்களுக்குள் தூரிகை போகாது.

பூசும்போது ஈர ஓரம் காயும் முன்பே அடுத்த பகுதி வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் சேர்ந்த இடம் வடுவாகத் தெரியும். அதனால் பெரிய சுவரைக் கோடு போட்டுப் பகுதிகளாகப் பிரித்து, ஒருவர் பூச இன்னொருவர் பின்னால் வரி இழுக்க, ஒரு பகுதியை ஒரே மூச்சில் முடிப்பார்கள். பிற்காலத்தில் ஓரிடத்தில் பழுது பார்த்தாலும் ஒட்டுப் போட்டது தெரியும். கடலைப் பார்த்த சுவரில் எப்போதாவது பழுது வரும் என்பது உறுதி. இந்த ஒரு காரணத்தாலேயே வாடைப் பக்கத்துக்கு நான் டெக்ஸ்சரைப் பரிந்துரைப்பதில்லை. கூரை விளிம்பு இரண்டரை அடி நீண்டு நிழல் தரும் தெற்கு, மேற்குச் சுவர்களில் அது அழகாக நிற்கும்.

கல்: எடையும் பிடிப்பும்

கல் மழையைத் தாங்கும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நமது கோட்டைச் சுவரைக் காட்டுவார்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் அந்த மதிலைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கல்லே சுவர். பல அடித் தடிப்பில் மழையை உறிஞ்சி, வெயிலில் மெல்ல விட்டுவிடும். நாம் வீட்டில் ஒட்டுவது சீமெந்துக் கல் சுவரின் மேல், சாந்தின் மேல், பசையின் மேல் நிற்கும் இரண்டு சென்ரிமீற்றர்த் தகடு. அதன் மூட்டுகளின் வழியே தண்ணீர் போகத்தான் போகும். போன தண்ணீர் எங்கே இறங்கும், கல் எதில் தொங்குகிறது என்ற இரண்டு கேள்விகளும்தான் முக்கியமானவை.

எடையைக் கணக்குப் போடுவோம். 20 மில்லிமீற்றர் கருங்கல் பலகை ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 54 கிலோ. பசையைச் சேர்த்தால் 60. அதைத் தாங்கி நிற்கும் 15 மில்லிமீற்றர்ச் சாந்தின் எடை 30 கிலோதான். அதாவது தன்னைப்போல் இரண்டு மடங்கு எடையைச் சாந்து சுமக்க வேண்டும். சித்தி நினைத்தபடி 48 சதுர மீற்றருக்கும் ஒட்டினால் மூன்று தொன்னுக்குச் சற்றுக் குறைவான எடை தலைக்கு மேல் தொங்கும். இந்தச் சங்கிலியில் அறுவது பெரும்பாலும் பசை அல்ல. சாந்து சீமெந்துக் கல்லிலிருந்து கழன்று, கல்லோடு ஒரே பாளமாக விழும். கீழே நடப்பவரை நினைத்தாவது இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒட்டும் முறை சின்ன உயரத்துக்கு உரியது. ஏறத்தாழ பத்து அடிக்கு மேல் கல்லை வெறும் பசையில் நான் நம்புவதில்லை. ஒட்டும்போது பழைய பெயின்டின் மேல் ஒட்டக் கூடாது. பெயின்டின் பிடிப்புத்தான் கல்லின் பிடிப்பாகிவிடும். பெயின்டை முழுதும் கொத்தி எடுத்து, சாந்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, வெற்றொலி தரும் இடங்களை உடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். பசை என்பது வெறும் சீமெந்துக் கூழ் அல்ல. பையில் பொலிமர் சேர்ந்தது, வெளிப்புறச் சுவருக்கும் கல்லுக்கும் உரியது என்று எழுதியிருக்க வேண்டும். சுவரில் பல் வெட்டிய கரண்டியால் ஒரே திசையில் வரி இழுத்து, கல்லின் முதுகிலும் மெல்லிய படையாகத் தடவி, அழுத்தி அசைத்துப் பதிக்க வேண்டும். கல்லுக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கக் கூடாது. நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்து ஒட்டும் பழக்கம் நமது ஊரில் பரவலாக இருக்கிறது. அது வேகமானது, ஆனால் உருண்டைகளுக்கு இடையில் மழைத்தண்ணீர் தேங்குவதற்கு அறைகளை அமைத்துக் கொடுக்கிறது.

கற்களுக்கு இடையில் மூன்று முதல் ஐந்து மில்லிமீற்றர் இடைவெளி விட்டுக் கிரவுட் நிரப்ப வேண்டும். இடைவெளியே இல்லாமல் இறுக்கி வைத்தால், கிழக்கு வெயிலில் சூடாகும் கற்கள் விரிந்து ஒன்றையொன்று தள்ளும். பெரிய பரப்பில் சுமார் பத்து அடிக்கு ஒருமுறை கிரவுட்டுக்குப் பதிலாகச் சீலன்ட் நிரப்பிய மூட்டு வேண்டும்.

உயரமான சுவருக்குக் கல்லே வேண்டும் என்றால் கொக்கி முறைதான் வழி. துருப்பிடிக்காத எஃகுத் தாங்கிகளைச் சுவரில் போல்ட் அடித்து, கல்லின் ஓரத்தில் துளையோ வெட்டோ போட்டு அதில் மாட்டுவார்கள். கல்லுக்கும் சுவருக்கும் இடையில் காற்றோடும் இடைவெளி இருப்பதால் உள்ளே வரும் மழை பின்னால் இறங்கி அடியில் வெளியேறும். மழையைப் பொறுத்தவரை மூன்று வகைகளிலும் இதுவே சிறந்தது. ஆனால் இதற்கு 30 மில்லிமீற்றர் அளவு தடிப்பான கல் தேவை. போல்ட் கொங்கிரீட் பீமிலோ தூணிலோ இறங்க வேண்டும். உள்ளே வெறுமையாக இருக்கும் சீமெந்துக் கல்லில் விரியும் போல்ட்டை முறுக்கினால் அது கல்லை உடைத்துக்கொண்டு சுழலும். எஃகும் 316 தரமாக இருக்க வேண்டும். 304 தரம் கொழும்புக் கட்டடத்தின் உள்ளே மின்னும். நிலாவெளிக் காற்றில் துருக்கறை விடும். இந்த வேலைக்கு ஒரு பொறியியலாளர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். சித்தியின் செலவுக்கு இது அடங்கவில்லை.

சுவரின் அடியில் மூன்று அடிக்கு மட்டும் கல் ஒட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழை தெறித்து அழுக்காகும் இடத்தை மறைக்கப் பலர் அப்படிச் செய்கிறார்கள். நிலத்து ஈரம் ஏறாத சுவரில் அது நல்ல யோசனை. ஏறும் சுவரில், முன்பு அந்த மூன்று அடியில் ஆவியாகிப் போன ஈரம் வழியடைபட்டு, கல்லுக்கு மேலே நான்காவது அடியில் உவராகப் பூக்கும். கல்லின் மேல் பளபளப்பு வார்னிஷ் அடித்தாலும் இதே அடைப்புத்தான் நடக்கும். கல்லுக்குள் ஊறி, தண்ணீரைத் தள்ளி, ஆவியை விடும் சிலேன் வகைக் காப்பு மருந்தே அதற்கு ஏற்றது.

சித்தி எடுத்த முடிவு

கிழக்குச் சுவர் முழுதுக்கும் வெளிப்புற அக்ரிலிக் பெயின்ட். காரம் தாங்கும் பிரைமர் ஒரு கை, பெயின்ட் இரண்டு கை. கல் ஆசை சித்திக்கு விடவில்லை. அதைக் கூரைக்குக் கீழே, மழை நேராகப் படாத முன்விறாந்தைச் சுவரில் ஏழு அடி உயரத்துக்கு ஒட்டினோம், 60 சதுர அடி மட்டும். வாசலுக்கு வருபவர் கண்ணில் முதலில் படுவதும் அந்தச் சுவர்தான். டெக்ஸ்சரை மாடிப்படியின் மேற்குச் சுவருக்கு நெட்டுக்கோடாக வைத்துக்கொண்டார். பெயின்ட் வாளியின் மூடியில் இருந்த நிற எண்ணையும் தொகுதி எண்ணையும் ஒரு தாளில் எழுதி மின்மானிப் பெட்டிக்குள் ஒட்டிவைத்தோம், பிறகு பழுதுக்கு அதே நிறம் வாங்குவதற்கு.

வேலை முடிந்த பிறகு வந்த முதல் ஜனவரியில், நான்கு நாள் அடைமழை விட்ட அன்று போய்ப் பார்த்தேன். மேல்மாடி ஜன்னலின் கீழே பொலித்தீன் தாள் ஒட்டியிருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தேன்; மற்றச் சுவரைப் போலவே வெதுவெதுப்பாகக் காய்ந்திருந்தது. வெளியே சன்ஷேட்டின் பள்ளக்கோட்டிலிருந்து தண்ணீர் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தது, சுவருக்கு ஓரங்குலமும் நெருங்காமல்.

விறாந்தைக் கற்களை ஒவ்வொன்றாக நாணயத்தால் தட்டினேன். எல்லாம் கெட்டிச் சத்தம். வலது மூலையில் கீழிருந்து இரண்டாவது கல் மட்டும் பானையைத் தட்டியதுபோல் ஒலித்தது. மேசன் அண்ணனை அழைத்து, கிரவுட்டை வெட்டி மெல்ல நெம்பியபோது கல் கையோடு வந்துவிட்டது. அதன் முதுகில் ஐந்து உருண்டைத் தழும்புகள். அந்தி சாயும் நேரத்தில் உதவிக்கு நின்ற பையன் ஒட்டிய கடைசிக் கல் அது என்று மேசன் அண்ணன் நினைவுபடுத்திச் சொன்னார். பழைய பசையைக் கொத்தி எடுத்து, சுவரிலும் கல்லிலுமாக முழுப் பசை பூசிப் பதித்தார். இரண்டு நாள் கழித்துச் சித்தி தானே ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டிவிட்டு, தொலைபேசியில் அந்தச் சத்தத்தை எனக்குக் கேட்கவைத்தார்.